கூட்டக் குறிப்பின் நகலை எங்கள் கையில் கொடுங்கள்: ஆய்வுப் பிரிவு டீனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும், ஆய்வு ஆலோசனைக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வு ஆலோசனைக் குழு கூடினால் அதன் குறிப்பை இனி ஒரே பக்கப் படிவத்தில் முடித்துவிட வேண்டும் என்கிறது அது. ‘திருப்தி’, ‘திருப்தி இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக். கீழே ‘குறிப்புரை’ என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம். உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டதும் படிவம் நேரே உங்கள் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். மாணவருக்கு நகல் தரத் தேவையில்லை, கையெழுத்தான பிறகு திருத்தமும் ஏற்கப்படாது.

வேலைச் சுமையைக் குறைக்கத்தான் இதைச் செய்தீர்கள் என்று துறையில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இதனால் ஓர் ஆய்வு மாணவருக்கு என்ன ஆகும் என்பதை, ஏற்கெனவே அப்படி ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டவள் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும். நெறியாளரிடமும் துறைத் தலைவரிடமும் நேரில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பதில் இல்லாததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் நிலவியல் துறையில் முழுநேர ஆய்வு மாணவி. 2023 ஜனவரியில் சேர்ந்தேன். பாகூர்ப் பக்கமிருந்து தெற்கே தென்பெண்ணையைத் தாண்டி, தாழங்குடா, தேவனாம்பட்டினம் என்று கடலூர்க் கரையோரம் வரை உள்ள கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது, எந்த ஆழத்தில் ஏறுகிறது என்பது என் ஆய்வு. புதுச்சேரியிலும் கடலூரிலும் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் கரிக்கும், எந்தத் தெருவில் கரிக்காது என்று அவர்களே சொல்வார்கள்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள்தான் என்னைப்போல் அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பொருந்தும். அதன்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு, நெறியாளர்தான் அதைக் கூட்டுபவர். ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் அந்தக் குழுவின் முன் வந்து, செய்த வேலையை விளக்கி, சுருக்கமான அறிக்கை கொடுக்க வேண்டும். குழு தன் பரிந்துரைகளை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பரிந்துரைகளின் நகல் ஒன்று மாணவருக்கும் தரப்பட வேண்டும். முன்னேற்றம் திருப்தி இல்லை என்றால் அதற்கான காரணங்களைக் குழு பதிவு செய்து, சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். அந்த வழியை மாணவர் செய்யாவிட்டால்தான், அதுவும் குறிப்பான காரணங்களோடு, பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

உங்கள் படிவத்தில் காரணத்துக்கும் இடமில்லை, வழிக்கும் இடமில்லை. நகல் கிடையாது என்று சுற்றறிக்கையே சொல்கிறது. விதிமுறை ‘தரப்பட வேண்டும்’ என்று சொல்லும் ஒன்றை ஒரு கல்லூரிச் சுற்றறிக்கை ‘தேவையில்லை’ என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புரியவில்லை.

இனி என் கதை.

2025 பிப்ரவரியில் எனக்குக் கூட்டம் நடந்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கம் வந்து ஊர்களுக்குள் புகுந்தது. நான் மழைக்குப் பிந்தைய மாதிரிகளை ஜனவரியில் எடுத்தேன், மொத்தம் 32 கிணறுகள். முந்தைய ஜூனில் மழைக்கு முன்பு எடுத்த அதே கிணறுகள்தாம். பெரும்பாலான திறந்த கிணறுகளில் மின்கடத்துதிறன் நன்றாக இறங்கியிருந்தது. அதாவது உப்பு குறைந்திருந்தது. மழை வந்தால் உப்பு குறைகிறது என்று வரைபடம் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

குழுவில் நெறியாளரைத் தவிர இருவர். ஒருவர் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த நிலத்தடி நீர் வல்லுநர், இன்னொருவர் வேதியியல் துறைப் பேராசிரியர். அன்று அவர்கள் சொன்னவை, இந்த மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே சிறந்தவை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஆலோசனைக்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் குறை.

வல்லுநர் முதலில் சொன்னது: “இது வெள்ள வருஷம். ஆத்துத் தண்ணி மேல் மணல்ல இறங்கியிருக்கு. இந்த ஒரு ஜனவரிய வெச்சு, மழைக்கப்புறம் உப்பு குறையுதுன்னு தீசிஸ்ல எழுதிடாதீங்க. அடுத்த ஜனவரியும் எடுத்தே ஆகணும்.” முகத்துவாரத்தை ஒட்டிய இரண்டு கிணறுகளில் மட்டும் உப்பு குறையாமல் ஏறியிருந்ததைக் காட்டி, அங்கே உப்பங்கழித் தண்ணீர் ஏறி நின்றதா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதும்படியும் சொன்னார்.

அடுத்தது, என் வரைபடத்தையே கேள்வி கேட்டது. ஒரே தெருவில் இரண்டு கிணறுகள். திறந்த கிணற்றில் 900 மைக்ரோசீமென்ஸ், நாலு வீடு தள்ளி உள்ள ஆழ்துளைக் கிணற்றில் 2,600. கணினி இரண்டையும் சேர்த்துச் சமகோடு போடும்போது அந்தத் தெருவுக்கு 1,750 என்று காட்டும். அப்படி ஒரு தண்ணீர் அந்தத் தெருவில் எந்தக் கிணற்றிலும் கிடையாது. மேலே இருப்பது ஆற்று வண்டலும் கடற்கரை மணலும். அதற்குக் கீழே கடலூர் மணற்கல். இரண்டும் வெவ்வேறு நீர்த்தாங்கிகள், உப்பு வரும் வழியும் வேறு வேறாக இருக்கலாம். ஆகவே கிணறுகளை ஆழம் பார்த்துப் பிரி, இரண்டு வரைபடம் போடு என்றார். கேட்பதற்கு எளிது. செய்யப் போனால், “இருநூத்தி நாப்பது அடி போட்டோம்மா” என்று மொத்த ஆழம் மட்டும்தான் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஓட்டை போட்ட குழாய் எந்த ஆழத்தில் இறக்கியிருக்கிறது என்பதுதான் தண்ணீர் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று சொல்லும். அதைப் போர் போட்ட வண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் நோட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வேதியியல் பேராசிரியர் என் அட்டவணையில் விரல் வைத்தார். தண்ணீரில் கரைந்துள்ள நேர் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் எதிர் அயனிகளின் மொத்த மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும். அளந்த எண்களில் அது 5 விழுக்காட்டுக்கு மேல் தவறினால் எங்கோ பிழை. என்னுடைய 32 மாதிரிகளில் ஆறு அப்படித் தவறியிருந்தன. “பைகார்பனேட்ட எங்க அளந்தீங்க?” என்று கேட்டார். ஆய்வகத்தில் கருவிக்கு முறை வரும்வரை காத்திருந்து அளந்தது. அமிலம் சேர்த்துவைத்த குப்பியில் சோடியமும் கால்சியமும் ஆறு மாதம்வரை தாங்கும், பைகார்பனேட் அப்படித் தாங்காது, கரியமில வாயு வெளியேறி எண் மாறிவிடும் என்றார். அதனால் பழைய குப்பியைத் திரும்ப அளந்து பயனில்லை, அந்த ஆறு கிணறுகளுக்கும் நீர்மட்டம் இறங்குவதற்குள் போய், கிணற்றடியிலேயே டைட்ரேட் செய்துவர வேண்டும்.

கடைசியாக, எழுந்திருக்கும்போது வல்லுநர் இன்னொன்று சொன்னார். ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப் பார்த்தால் நன்றாக இருக்கும், ஆனால் வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், பணம் கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டாலும் தீசிஸ் நிற்கும்.

இத்தனையும் பேசி முடித்த கூட்டத்தின் குறிப்பு எனக்கு ஆகஸ்டில்தான் கண்ணில் பட்டது, அதுவும் வேறு ஒரு வேலையாக அலுவலகத்துக்குப் போனபோது. அதில் இருந்தவை இரண்டே வாக்கியங்கள்: ‘மாணவரின் முன்னேற்றம் திருப்திகரம். உறுப்பினர்கள் கூறிய ஆலோசனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.’ மேலே ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில் எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் இன்னொரு மாணவரின் தலைப்பு இருந்தது. பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்துகள் கூட்ட நாளன்றே வாங்கப்பட்டவை. நானும் அன்று வெற்றுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கல்லூரியில் அப்படிப் போடாதவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆலோசனைகளை நான் என் நோட்டில் எழுதி வைத்திருந்ததால் வேலை நின்றுவிடவில்லை. ஆறு கிணறுகளுக்கு மார்ச்சில் போனேன். கிணறுகளைப் பிரிக்கும் வேலையையும் தொடங்கினேன். ஆனால் வாடகை வண்டிக்கான பில்லைக் கொடுத்தபோது கணக்குப் பிரிவில் கேட்டார்கள்: “ஏம்மா, ஜனவரியிலதான் சேம்பிள் எடுத்தீங்க, மார்ச்சுல எதுக்கு மறுபடியும் போனீங்க? மினிட்ஸ்ல எங்க இருக்கு?” கேள்வி நியாயமானது. அவர்கள் காகிதத்தைத்தான் பார்க்க முடியும். மினிட்ஸில் ஒன்றுமே இல்லை. அந்தப் பில் இன்றுவரை நிற்கிறது.

2025 செப்டம்பர் கூட்டத்தில் வல்லுநர் இல்லை, அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் வேறொருவர் வந்திருந்தார். அவர் முதல் முறையாக என் வேலையைப் பார்க்கிறார். அவர் கையில் இருந்தது அந்த இரண்டு வாக்கியக் குறிப்பு மட்டும்தான். “இந்த மாதிரி வேலைக்கு ஐசோடோப் இல்லாம எப்படி?” என்று கேட்டார். போன முறை அது விருப்பம் என்றுதான் சொன்னார்கள் என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்றார். கிணறுகளைப் பிரித்ததைக் காட்டினேன். பாதிதானே முடிந்திருக்கிறது என்றார். எவ்வளவு முடிப்பதாக ஒப்புக்கொண்டோம் என்று எழுதப்படவே இல்லையே, பாதி என்பது எதில் பாதி? நெறியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் பிப்ரவரியில் பேசியது முழுதாக நினைவில்லை.

முடிவு: ‘திருப்தி இல்லை’. காரணம் எழுதப்படவில்லை. எப்படிச் சரிசெய்வது என்றும் எழுதப்படவில்லை. நகல் கேட்டேன், அது அலுவலக ஆவணம், மாணவருக்குத் தருவதில்லை என்றார்கள். நம் கல்லூரி பொது நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் தந்தாக வேண்டிய தாள் அது. என்னைப் பற்றி எழுதிய தாளைப் பெற நான் என் கல்லூரிக்கே ஆர்டிஐ போட வேண்டுமா?

இது எனக்கு மட்டும் நேர்ந்த தனிக் கதை இல்லை. தமிழ்த் துறையில் ஒரு தோழிக்குக் குறிப்பு நல்லபடியாகவே இருந்தது. ஆனால் ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போடாமல் கோப்பு அலமாரியில் கிடந்ததால், அவருடைய ஆய்வு உதவித்தொகை ஜேஆர்எஃபிலிருந்து எஸ்ஆர்எஃபுக்கு மாறுவது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம் என்பது விடுதியில் இருப்பவருக்குச் சின்னத் தொகை இல்லை.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. விதிப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் மறுபதிவு செய்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டுச் சலுகை உண்டு. நீட்டிப்புக் கேட்கும்போது நிறுவனம் எதைப் பார்த்து முடிவு செய்யும்? இந்தக் குறிப்புகளைத்தான். என் ஆய்வுக்கு மழைக்கு முன், மழைக்குப் பின் என்று ஆண்டுக்கு இரண்டே பருவம். பிப்ரவரியில் சொன்ன ஆலோசனை ஆகஸ்டில் காகிதமாக வந்தால், நடுவில் ஒரு ஜூன் போய்விடுகிறது. போன ஜூனைத் திரும்ப எடுக்க வழியில்லை, அடுத்த ஜூனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மருத்துவமனைத் தரவு எடுப்பவர்களுக்கும், பள்ளிக் கல்வியாண்டை ஒட்டி ஆய்வு செய்பவர்களுக்கும் இதே நிலைதான்.

குறிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதையும் எழுதிப் பார்த்தேன். 2025 பிப்ரவரிக் கூட்டத்துக்கு இப்படி இருந்திருந்தால் போதும்:

“முன்னேற்றம்: 2024 ஜூன், 2025 ஜனவரி மாதிரிகள் 32 கிணறுகளில் எடுக்கப்பட்டன. ஜனவரி மாதிரிகளில் ஆறில் அயனிச் சமநிலைப் பிழை 5 விழுக்காட்டுக்கு மேல். ஃபெஞ்சல் வெள்ளத்துக்குப் பிந்தைய தரவு என்பதால் இதை வழக்கமான ஆண்டாகக் கொள்ளலாகாது.

பரிந்துரை 1, கட்டாயம்: பிழை உள்ள ஆறு கிணறுகளில் மார்ச் 10-க்குள் மறுமாதிரி எடுத்து, பைகார்பனேட்டைக் களத்திலேயே அளக்க வேண்டும். மார்ச் 31-க்குள் திருத்திய அட்டவணை நெறியாளரிடம். வண்டிச் செலவு கன்டின்ஜென்சி நிதியில். அயனிக் கருவிக்கு நேரம் வாங்கித் தருவது நெறியாளர் பொறுப்பு.

பரிந்துரை 2, கட்டாயம்: கிணறுகளை நீர்த்தாங்கி வாரியாகப் பிரிக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் குறைந்தது 16 கிணறுகளுக்கு ஆழமும் ஓட்டைக் குழாய் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கிணறுகள் வரைபடத்தில் தனிக் குறியோடு காட்டப்படும்.

பரிந்துரை 3, கட்டாயம்: 2026 ஜனவரியில் அதே கிணறுகளில் மீண்டும் மாதிரி.

பரிந்துரை 4, விருப்பம்: ஐசோடோப் பகுப்பாய்வு, பணம் கிடைத்தால். செய்யாதிருப்பது அடுத்த மதிப்பீட்டில் குறையாகாது.”

அரைப் பக்கம்கூட இல்லை. ஆனால் இதை வைத்திருந்தால் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பியிருக்காது, புதிய உறுப்பினர் ஐசோடோப் கேட்டிருக்க மாட்டார், கேட்டாலும் நாலாவது பரிந்துரையைக் காட்டியிருப்பேன். செப்டம்பரில் நான் 19 கிணறுகளைப் பிரித்து வைத்திருந்தேன். மேலே உள்ள குறிப்பின்படி அது இலக்கைத் தாண்டிய வேலை. உங்கள் கோப்பில் அது ‘திருப்தி இல்லை’.

இதில் முக்கியமாக நான் நினைப்பது அந்தக் கட்டாயம், விருப்பம் என்ற பிரிவு. பேராசிரியர்கள் ஆர்வத்தில் பல யோசனைகள் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஒரு யோசனை மாணவரின் தலையில் கடனாக ஏறுகிறதா இல்லையா என்பதை அறையை விட்டு எழுவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும். தீர்மானிக்காவிட்டால் எழுதப்படாத எல்லா யோசனையும் கடனாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து வட்டியோடு கேட்கிறார்கள்.

இலக்குத் தேதி வைப்பதற்கு மாணவர்களிலேயே சிலர் பயப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ‘திருப்திகரம், தொடரலாம்’ என்ற பொத்தாம்பொதுவான வரி ஒருவகையில் வசதி, யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அந்த வசதி நான்காம் ஆண்டுவரைதான். பிறகு அதே வரி, இத்தனை நாள் என்ன செய்தாய் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாமல் நம்மை நிறுத்திவிடும். அதோடு, ஆய்வில் இலக்கு மாறும். கிணறு வற்றிப்போகும், மோட்டார் எரிந்துபோகும், வீட்டுக்காரர் இனிமேல் வராதீர்கள் என்பார். மாறட்டும். ஏன் மாறியது, புதிய தேதி என்ன என்று அடுத்த குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும். பழைய குறிப்பை அழித்து எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

நேரமில்லை என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஒரு பேராசிரியர் எட்டு மாணவர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு கூட்டம் என்றால் தன் மாணவர்களுக்கே பதினாறு, அதற்கு மேல் மற்றவர்களின் குழுக்களிலும் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் அவரே உட்கார்ந்து குறிப்பு எழுத முடியாது. அதற்கு ஒரு டிக் கட்டம் தீர்வாகாது. வரைவை மாணவரே எழுதட்டும். கூட்டம் முடிய கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்கி அதை உரக்கப் படிக்கட்டும். உறுப்பினர்கள் அங்கேயே திருத்தி, பிறகு கையெழுத்துப் போடட்டும். இப்போது நெறியாளர்தான் கூட்டுபவர், குறிப்பை எழுதுபவரும் அவரே. மாணவருக்கும் நெறியாளருக்கும் இடையில் கருத்து வேறுபாடு இருக்கும் கூட்டங்களில் இது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும். எல்லோர் காதிலும் விழும்படி படித்துவிட்டால் அந்தச் சங்கடம் நெறியாளருக்கும் இல்லை.

இனி கோரிக்கைகள்.

முதலாவதாக, சென்ற மாதச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு கட்டம் உள்ள படிவத்துக்குப் பதிலாக, செய்த வேலை, ஒவ்வொரு பரிந்துரையும் கட்டாயமா விருப்பமா என்பது, இலக்குத் தேதி, எதைக் காட்டினால் முடிந்ததாகக் கொள்ளப்படும், கருவிக்கும் பணத்துக்கும் யார் பொறுப்பு ஆகியவற்றுக்கு இடமுள்ள படிவம் ஒன்றைத் தாருங்கள். அடுத்த கூட்டம் முந்தைய குறிப்பைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் எழுதுங்கள். குழுவுக்குப் புதிதாக வரும் உறுப்பினருக்கு முந்தைய குறிப்புகள் எல்லாம் கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதை எழுத்து மூலமாகத் தடை செய்யுங்கள். கையெழுத்தான குறிப்பின் நகல் பத்து வேலை நாளுக்குள் மாணவருக்கு வர வேண்டும். அதில் தவறு இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவர் எழுதித் தரும் திருத்தக் குறிப்பை, ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அதே கோப்பில் இணைக்க வேண்டும்.

‘திருப்தி இல்லை’ என்று முடிவு செய்யும் எந்தக் குறிப்பும், காரணமும் சரிசெய்யும் வழியும் அதற்கான கால அளவும் இல்லாமல் உங்கள் பிரிவில் ஏற்கப்படக் கூடாது. அப்படி வந்தால் குழுவுக்கே திருப்பி அனுப்புங்கள்.

என் விஷயத்தில் மூன்று கேட்கிறேன். 2025 பிப்ரவரி, செப்டம்பர் கூட்டக் குறிப்புகளின் நகல். பிப்ரவரிக் குறிப்பில் தவறான ஆய்வுத் தலைப்பைத் திருத்துவதோடு, அன்று சொல்லப்பட்ட பரிந்துரைகளை அந்தக் கூட்டத்தில் இருந்த மூன்று பேரிடமும் எழுத்தில் கேட்டு இணைப்பது. ஓய்வு பெற்ற வல்லுநர் ஊரில்தான் இருக்கிறார், கேட்டால் சொல்வார். அதன் அடிப்படையில் செப்டம்பர் முடிவை மறுபரிசீலனை செய்து, நிறுத்தி வைத்த வண்டிப் பில்லையும் தீர்ப்பது.

எனக்கு அடுத்த கூட்டம் ஏப்ரலில். அன்று எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லப் போகிறீர்கள் என்பதை மார்ச் முடிவதற்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நிரப்பாத படிவம் என்றால் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

இப்படிக்கு,
முழுநேர ஆய்வு மாணவி, நிலவியல் துறை
புதுச்சேரி, பிப்ரவரி 2026